போகவில்லை, வரவே இல்லை

எங்கள் கல்லூரியில் மதியம் நெட் போனால் காரணத்தை யாரும் தேடுவதில்லை. அது எல்லோருடைய வாயிலும் தயாராக இருக்கிறது: லோடு. சாப்பிட்டு வந்த பிள்ளைகள் யூடியூப் பார்க்கிறார்கள், ஹாஸ்டல் முழுக்க போனை எடுத்துவிட்டது, லைன் தாங்கவில்லை. மாணவர் இதைச் சொல்கிறார், துறைத்தலைவர் சொல்கிறார், ஐ.டி. பிரிவில் போனை எடுப்பவரும் இதையே சொல்கிறார். இதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு நம்பிக்கையும் இருக்கிறது. லேபில் இருப்பவர் "நெட் வரல" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மிச்சத்தைக் கண்டுபிடிப்பது ஐ.டி.காரர்கள் வேலை, அறை எண், நேரம், ஸ்விட்ச், போர்ட் என்று மெயில் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம் என்பது அது.

பதினோரு வருடமாக ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டும் தவறு. முதல் தவறு இத்தனை காலம் உயிரோடு இருப்பதே இரண்டாவது தவறின் தயவில்தான்.

2023 ஜூலையில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் லேப் இரண்டாம் தளத்தில், அறை 214. முப்பத்தாறு சிஸ்டங்கள். காலை பேட்ச் 9.20க்குத் தொடங்கி 12.20க்கு முடியும். மதிய பேட்ச் 1.30 முதல் 4.10 வரை. செமஸ்டர் தொடங்கிய முதல் வாரத்திலிருந்தே மதிய பேட்ச் பிள்ளைகள் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் கை தூக்க ஆரம்பித்துவிடுவார்கள். "மேம், நெட் போயிடுச்சு." ஆன்லைனில் ஏற்ற வேண்டிய பயிற்சி ஏறாது. ஒன்றே முக்கால் மணி வரை நான் வரிசை வரிசையாக ஓடிக்கொண்டிருப்பேன். சிலர் ரீஸ்டார்ட் செய்வார்கள், வந்துவிடும். சிலருக்கு வராது, பக்கத்துப் பிள்ளையோடு நெருக்கி உட்காருவார்கள். மறுநாள் காலை வந்து பார்த்தால் முப்பத்தாறிலும் நெட் ஓடும்.

போன் செய்தேன். "மேடம், அது லோடு. ரெண்டு மணிக்கு மேல ட்ராஃபிக் எகிறுது. லைனை அப்கிரேட் பண்ணச் சொல்லிக் கேட்டிருக்கோம்" என்றார்கள். பொய் சொல்லவில்லை. மதியத்தில் இணையப் பயன்பாடு கூடுவது உண்மைதான், அவர்கள் திரையில் அந்த மேடு தெரியும். ஆனால் மேடு இருப்பது ஒன்று, அந்த மேட்டால்தான் என் லேபில் நெட் இல்லை என்பது வேறொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை யாரும் நடந்து பார்க்கவில்லை.

லோடு என்றால் என்ன ஆகும்? ஒரு குழாயில் பத்து வீடு தண்ணீர் பிடித்தால் பத்து வீட்டிலும் நூலாக வரும். ஒரு வீட்டில் பீறிட்டுக்கொண்டும் பக்கத்து வீட்டில் சொட்டு இல்லாமலும் இருக்காது. நெட்டும் அப்படித்தான். லைன் நிரம்பினால் பக்கம் திறக்க நேரம் பிடிக்கும், வீடியோ சுற்றும், பிங் அடித்தால் சில மில்லிசெகண்டில் வர வேண்டிய பதில் முந்நூறு, நானூறு என்று இழுக்கும், நடுவில் ஒன்றிரண்டு தொலையும். எல்லோருக்கும் மெதுவாகும். யாருக்கும் சுத்தமாக இல்லாமல் போகாது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, லோடு எவ்வளவு ஏறினாலும் ஒரு கம்ப்யூட்டரின் ஐ.பி. முகவரி மாறாது.

என் லேபில் நடந்தது இதற்கு நேர்மாறு. கடைசி வரிசையில் எட்டு சிஸ்டங்கள், எண் 29 முதல் 36 வரை, ப்ராஜெக்ட் மாணவர்களுக்கு ஒதுக்கியவை. அவர்களுடைய புரோகிராம் மணிக்கணக்கில் ஓடும் என்பதால் மதியம் அணைப்பதில்லை. முன்வரிசைப் பிள்ளைகள் நெட் இல்லாமல் தவிக்கும் அதே நிமிடத்தில் அந்த எட்டிலும் ஃபைல் இறங்கிக்கொண்டிருக்கும். அதே ஸ்விட்ச், அதே மேல் இணைப்பு, அதே லைன். இதைக் கவனித்த நாளில் லோடு என்ற பேச்சு எனக்கு முடிந்துவிட்டது. ஸ்விட்ச் சூடாகித் தடுமாறுகிறது, ஜெனரேட்டருக்கு மாறும்போது அணைந்து எழுகிறது என்று ஸ்டாஃப் ரூமில் உலவிய மற்ற கதைகளும் அந்த எட்டு சிஸ்டங்களின் முன்னால் நிற்கவில்லை.

வெட்கத்தோடு சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். இதைக் கவனிக்கவே எனக்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. நானும் "போயிடுச்சு" என்ற சொல்லையே பிடித்துக்கொண்டிருந்தேன். இருந்தது போய்விட்டது என்றால், எந்த நிமிடத்தில் போகிறது என்று தேடுவோம். நானும் அதைத்தான் தேடினேன். ஒரு வியாழக்கிழமை, ஜூலை 13, மதியம் ஒவ்வொரு சிஸ்டமாக நின்று, "எப்போ போச்சு?" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். ஒரு பெண் நிமிர்ந்து பார்த்து, "போகல மேம். ஆன் பண்ணதுல இருந்தே வரல" என்றாள். அடுத்தவனைக் கேட்டேன், அவனுக்கும் அப்படியே. பதினேழு பேரைக் கேட்டேன். ஒருவருக்கும் நடுவில் அறுபடவில்லை.

நெட் போகவில்லை, வரவே இல்லை. இந்த இரண்டுக்கும் நோய் வேறு. ஓடிக்கொண்டிருக்கும்போது அறுபட்டால் கேபிளைப் பார்க்க வேண்டும், ஸ்விட்சைப் பார்க்க வேண்டும், லைனைப் பார்க்க வேண்டும். ஆன் செய்ததிலிருந்தே வரவில்லை என்றால், ஆன் ஆகும்போது கம்ப்யூட்டர் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். அது முதலில் செய்யும் வேலை, தனக்கு ஒரு முகவரி கேட்பது. அன்று நெட் வராத ஒரு சிஸ்டத்தில் கேட்டுப் பார்த்தேன். 18ஆம் தேதி ஏழாம் எண் சிஸ்டத்தில் எடுத்து, மெயிலில் வைத்தது இது:

```
C:\> ipconfig /all
   DHCP Enabled. . . . . . . . . . . : Yes
   IPv4 Address. . . . . . . . . . . : 192.168.1.107(Preferred)
   Subnet Mask . . . . . . . . . . . : 255.255.255.0
   Lease Obtained. . . . . . . . . . : 18 July 2023 13:34:12
   Default Gateway . . . . . . . . . : 192.168.1.1
   DHCP Server . . . . . . . . . . . : 192.168.1.1
```

எங்கள் லேபின் முகவரிகள் எல்லாமே 10.20.14 என்று தொடங்கும். கேட்வே 10.20.14.1. நெட் வரும் சிஸ்டங்களில் அதுதான் இருந்தது. 192.168.1.1 என்பது கல்லூரியில் எங்கும் இல்லாத முகவரி. வீட்டு ரவுட்டர்கள் பலவற்றில் வாங்கும்போதே இருக்கும் முகவரி அது. அந்தக் கடைசி வரியைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் அதிகம் சொல்ல வேண்டாம். கல்லூரியின் சர்வர் அல்லாத வேறு யாரோ என் சிஸ்டங்களுக்கு முகவரி கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இதற்கு முந்தைய வாரம் ஐ.டி.யிலிருந்து ஒருவர் நேரில் வந்து போயிருந்தார். திறமையானவர், மூன்று பிளாக்குக்கு அவர் ஒருவரே. பத்து நிமிடம் இருந்தார். நெட் வராத ஒரு சிஸ்டத்தில் உட்கார்ந்து கேட்வேக்குப் பிங் அடித்தார். பதில் ஒரு மில்லிசெகண்டுக்குள் வந்தது. "லேன் ஓகே மேடம். வெளியதான் ஸ்லோ" என்று எழுந்துவிட்டார். பாடப்புத்தகப்படி அவர் செய்தது சரி. கேட்வே பதில் சொன்னால் உள்ளே கோளாறு இல்லை என்றுதான் நாங்களும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் பதில் சொன்னது எந்தக் கேட்வே என்று அன்று அவரும் பார்க்கவில்லை, பக்கத்தில் நின்ற நானும் பார்க்கவில்லை. திரையில் காட்டிய கேட்வே எண்ணையே அவர் தட்டினார். அது பக்கத்து அறையில் இருந்த ஏதோ ஒரு பெட்டி. பக்கத்தில் இருந்ததால்தான் பதில் அத்தனை வேகமாக வந்தது. லோடு என்று மனதில் வைத்துக்கொண்டு வந்தவருக்கு அந்த வேகமே லோடுக்குச் சாட்சியாகிவிட்டது. அவர் கையில் முன்கூட்டியே ஒரு தாள் இருந்து, அதில் "நெட் வரும் சிஸ்டத்தில் இந்த முகவரி, வராததில் இந்த முகவரி" என்று இருந்திருந்தால் அந்தப் பத்து நிமிடமே போதுமானதாக இருந்திருக்கும். கொடுத்திருக்க வேண்டியவள் நான்.

அதனால் நான்கு வேலைநாள் குறித்தேன். 18ஆம் தேதி மாலை மெயில் அனுப்பினேன். இங்கே அதைத் தமிழில் தருகிறேன்.

"பொருள்: அறை 214 லேப், மதியம் 1.30க்கு ஆன் செய்யும் சிஸ்டங்களில் பாதிக்கு மேல் நெட் வருவதில்லை, ஜூலை 13, 14, 17, 18.

வணக்கம் சார். ஸ்விட்ச், லேபின் பின்சுவர் ரேக்கில் இருப்பது, 48 போர்ட், லேபிள் SW-2F-B. சிஸ்டம் 1 முதல் 36 வரை அதே எண்ணுள்ள போர்ட்டில் இருக்கின்றன. இன்று காலை ஒவ்வொரு பேட்ச் கார்டாகப் பார்த்து உறுதி செய்தேன். போர்ட் 37 முதல் 44 வரை பக்கத்து அறைகளுக்குப் போகின்றன. எது எந்த அறைக்கு என்று லேபிள் இல்லை.

12.20க்கு சிஸ்டம் 1 முதல் 28 வரை அணைக்கப்படுகின்றன. 1.30க்கு ஆன் செய்கிறோம். ஆன் செய்ததிலிருந்தே நெட் வராதவை: 13ஆம் தேதி 17, 14ஆம் தேதி 15, 17ஆம் தேதி 19, இன்று 16. தினமும் அதே சிஸ்டங்கள் அல்ல, பட்டியல் இணைத்திருக்கிறேன். அணைக்காமல் ஓடும் 29 முதல் 36 வரை நான்கு நாளும் ஒருமுறைகூட நெட் போகவில்லை. காலை பேட்சில் நான்கு நாளும் எதிலும் பிரச்சினை இல்லை.

நெட் வராதவை எல்லாவற்றிலும் முகவரி 192.168.1 என்று தொடங்குகிறது, டி.எச்.சி.பி. சர்வர் 192.168.1.1. நெட் வருபவற்றில் 10.20.14. சிஸ்டம் 7இன் முழு விவரம் கீழே. அதிலிருந்து 10.20.14.1க்குப் பிங் அடித்தால் 192.168.1.1இலிருந்து 'Destination net unreachable' என்று வருகிறது. 192.168.1.1இன் மேக் முகவரி 00-00-5e-00-53-1f.

சிஸ்டம் 7ஐ மூன்று முறை ரீஸ்டார்ட் செய்தேன். இரண்டு முறை வரவில்லை, மூன்றாம் முறை வந்தது. போர்ட் விளக்குகள் எல்லா நேரமும் பச்சை. ஸ்விட்சில் எதையும் தொடவில்லை.

நேரங்கள் என் போன் கடிகாரப்படி. நாளை 1.30 முதல் 4.10 வரை லேபில் இருப்பேன். நெட் வராத மூன்று சிஸ்டங்களை ரீஸ்டார்ட் செய்யாமல் அப்படியே உங்களுக்காக விட்டுவைக்கிறேன்.

என் ஊகம் மட்டும்: 37 முதல் 44க்குள் ஏதோ ஒரு அறையில் மதியம் மட்டும் ஒரு ரவுட்டர் ஆன் ஆகிறது. தவறாக இருக்கலாம்."

மேக் முகவரியும் லேப் எண்களும் இங்கே மாற்றப்பட்டவை, மற்றதெல்லாம் அப்படியே.

இந்த மெயிலுக்கு எதிராக எனக்குச் சொல்லப்பட்டவற்றுக்குப் பதில் சொல்வதற்கு முன், ரீஸ்டார்ட் சமாச்சாரத்தை விளக்கியாக வேண்டும். இந்தக் கோளாறை மூன்று வாரம் காப்பாற்றியதே ரீஸ்டார்ட்தான்.

ஒரு கம்ப்யூட்டர் எழும்போது தெருவில் நின்று உரக்கக் கேட்கிறது: "போன தடவை எனக்கு இந்த முகவரி கொடுத்தீர்களே, அதையே வைத்துக்கொள்ளலாமா?" இந்தக் கேள்வி ஒரு குறிப்பிட்ட சர்வருக்குப் போவதில்லை, அந்தப் பகுதியில் உள்ள எல்லோர் காதிலும் விழும். கல்லூரியின் சர்வர் "சரி" என்று சொல்லும். வீட்டு ரவுட்டரும் அதைக் கேட்கிறது. 10.20 என்று தொடங்கும் முகவரி அதன் கணக்கில் இந்த ஊரிலேயே இல்லாதது. 1997இல் வெளியான RFC 2131, இந்த நெறிமுறையின் மூல ஆவணம், அப்படிப்பட்ட முகவரியை ஒருவர் கேட்டால் "கிடையாது" என்று மறுக்கச் சொல்கிறது. ரவுட்டர் ஒழுங்காக மறுக்கிறது. "சரி" முதலில் காதில் விழுந்தால் சிஸ்டம் பிழைத்தது. "கிடையாது" முதலில் விழுந்தால், பழைய முகவரியை விட்டுவிட்டு "யாராவது புதிதாக ஒன்று கொடுங்கள்" என்று கேட்கும். இரண்டு பேரும் நீட்டுவார்கள், பெரும்பாலும் முதலில் நீட்டியவரிடம் வாங்கிக்கொள்ளும். கல்லூரி சர்வர் வேறு கட்டடத்தில், நடுவில் ஒரு இடைத்தரகரைத் தாண்டிப் பதில் வர வேண்டும். ரவுட்டர் சுவருக்கு அந்தப் பக்கம். பந்தயத்தில் ரவுட்டர் அதிகம் ஜெயிக்கிறது, ஆனால் எப்போதும் அல்ல. இருபத்தெட்டில் பதினேழு, பதினைந்து, பத்தொன்பது என்று மாறி மாறி வந்தது இதனால்தான்.

யார் உண்மையான சர்வர் என்று பார்க்கும் வழி அந்த நெறிமுறைக்குள் வைக்கப்படவில்லை. கேட்ட குரலுக்குப் பதில் சொன்னவர் சர்வர், அவ்வளவுதான்.

ரீஸ்டார்ட் செய்தால் என்ன நடக்கிறது என்று இப்போது தெரியும். பந்தயம் மறுபடி ஓடுகிறது. ஒருமுறை தோற்ற சிஸ்டம் இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ ஜெயிக்கலாம். ஜெயித்ததும் பிள்ளைகள், "ரீஸ்டார்ட் பண்ணா சரியாயிடும் மேம்" என்கிறார்கள். ஐ.டி.யில், "லோடு குறைஞ்சிருக்கும்" என்கிறார்கள். இருவர் சொல்வதும் நடந்ததோடு ஒத்துப்போவது போலவே இருக்கும். ஆனால் திரையில் இருந்த ஒரே சாட்சியம், அந்த 192.168.1.1 என்ற வரி, ரீஸ்டார்ட்டோடு அழிந்துவிட்டது. மூன்று சிஸ்டங்களைத் தொடாமல் விட்டுவைக்கிறேன் என்று நான் எழுதிய வாக்கியம்தான் அந்த மெயிலிலேயே மிக அவசியமானது என்று இன்றும் நினைக்கிறேன்.

அணைக்காத எட்டு சிஸ்டங்கள் ஏன் தப்பின என்பதும் இதிலேயே இருக்கிறது. முகவரி ஒரு குத்தகை. எங்கள் சர்வரில் அந்தக் குத்தகை எட்டு நாள். பாதிக் காலம், அதாவது நான்கு நாள் ஆகும் வரை கம்ப்யூட்டர் வாயைத் திறக்காது. திறக்கும்போதும் முகவரி கொடுத்த சர்வரிடமே நேராகப் போய்க் கேட்கும், தெருவில் நின்று கத்தாது. ரவுட்டரின் காதில் எதுவும் விழாது.

மறுநாள் புதன்கிழமை 1.40க்கு ஐ.டி.யிலிருந்து அதே நண்பர் வந்தார். ஏழாம் சிஸ்டத்தின் திரையைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. லேப்டாப்பை ஸ்விட்சில் சொருகி ஒரே ஒரு வரி அடித்தார்:

```
show mac address-table address 0000.5e00.531f
```

போர்ட் 41 என்று வந்தது. பேட்ச் கார்டைப் பிடித்துக்கொண்டே போனால் அறை 216, இரண்டு ஆசிரியர்கள் உட்காரும் அறை. அங்கே சுவரில் ஒரே ஒரு ஐ.ஓ. பாயின்ட். கம்ப்யூட்டர் இரண்டு. ஒருவர் தன் வீட்டில் சும்மா கிடந்த பழைய ரவுட்டரை எடுத்து வந்து, ஒரு பாயின்ட்டை இரண்டாக்கிக்கொள்ள அதைப் பயன்படுத்தியிருக்கிறார். சுவரிலிருந்து வந்த கேபிளை ரவுட்டரின் லேன் போர்ட்டில் சொருகியிருந்தார். அவர்களுடைய இரண்டு சிஸ்டத்திலும் ஐ.டி.யே நிலையான முகவரி போட்டுக் கொடுத்திருந்ததால் அவர்களுக்கு எந்தத் தொந்தரவும் தெரியவில்லை. காலை முழுக்க அவர்களுக்கு வகுப்பு. சாப்பிட்டுவிட்டு ஒரு மணிக்கு மேல் அறைக்கு வந்து மேஜை சுவிட்சைப் போடுவார்கள், நாலேகாலுக்கு அணைத்துவிட்டுக் கிளம்புவார்கள். மதியம் மட்டும் என்ற புதிரின் விடை அந்த மேஜை சுவிட்ச். அவர்கள் மேல் எனக்கு ஒரு துளி கோபமும் இல்லை. வேலை செய்ய ஒரு பாயின்ட் தேவைப்பட்டது, கேட்டால் மாதக்கணக்கில் ஆகும் என்று தெரியும், தானே வழி பார்த்துக்கொண்டார்கள்.

இனி எதிர்ப்புகளுக்கு வருகிறேன். "கண்டுபிடிப்பது ஐ.டி.யின் வேலை, நீங்கள் ஏன் இத்தனை எழுத வேண்டும்?" கண்டுபிடிப்பது அவர்கள் வேலைதான். நான் ஸ்விட்சுக்குள் போகவில்லை, போக எனக்கு அனுமதியும் இல்லை, இருக்கவும் கூடாது. ஆனால் இந்தக் கோளாறு அவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் தெரியவே தெரியாது. ஸ்விட்சின் கணக்கில் எல்லா போர்ட்டும் உயிரோடு இருக்கிறது, எந்த இணைப்பும் அறுபடவில்லை, பதிவேட்டில் ஒரு பிழை வரிகூட இல்லை. அவர்கள் திரை பச்சையாக இருந்தது நியாயமான பச்சை. 1.34க்கு ஏழாம் சிஸ்டத்தின் திரையில் என்ன இருந்தது என்பதை 1.34க்கு அங்கே நின்ற ஆள் மட்டுமே சொல்ல முடியும். அதைச் சொல்லாமல் "நெட் வரல" என்று மட்டும் சொல்வதால் ஐ.டி.க்கு மரியாதை கூடுவதில்லை, கண்ணைக் கட்டிவிட்டுத் தேடச் சொல்வதாகத்தான் ஆகிறது.

இந்த எதிர்ப்பில் ஒரு உண்மை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். புகார் தருபவர் நோயின் பெயரை எழுதி அனுப்பினால் கெடுதல்தான். "டி.எச்.சி.பி. பிராப்ளம், சரி செய்யவும்" என்று மட்டும் எழுதியிருந்தால், கல்லூரி சர்வரைப் பார்த்திருப்பார்கள். அது நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. "சர்வர் ஓகே" என்று புகாரை மூடியிருப்பார்கள். அதனால்தான் பார்த்ததை மேலேயும் ஊகத்தைக் கடைசியிலும் பிரித்து வைத்தேன். இதே லேபில் ஒருவேளை 169.254 என்று தொடங்கும் முகவரி வந்திருந்தால், அது முற்றிலும் வேறு கதை. யாருமே பதில் சொல்லாதபோது விண்டோஸ் தானே சூட்டிக்கொள்ளும் முகவரி அது. அப்போது முகவரிகள் தீர்ந்துபோயினவா, சர்வருக்குப் போகும் வழி அடைந்ததா என்று தேட வேண்டும். இரண்டுக்கும் பிள்ளைகள் சொல்லும் புகார் ஒன்றேதான். அந்த எண்ணை எழுதாவிட்டால் பிரித்தறிய வழியே இல்லை.

"தினமும் மதியம் என்று சொன்னீர்களே, அது போதாதா?" போதாது. மதியம் என்பது எந்தக் காரணத்தோடும் ஒட்டிக்கொள்ளும். வெயில் ஏறுவது மதியம், ஏ.சி. திணறுவது மதியம், ஹாஸ்டல் விழிப்பது மதியம். எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒவ்வொருவருடைய கதையும் மதியத்தோடு பொருந்தியது. நேரத்தோடு இன்னொன்று சேர்ந்தால்தான் அது பேசும். அதே நேரத்தில் எது கெடவில்லை என்பதுதான் அந்த இன்னொன்று. கெட்ட பதினேழைப் பற்றி எல்லோரும் பேசினோம். வழக்கைத் தீர்த்தது கெடாத எட்டு. இன்னொரு சிறு விஷயமும் உண்டு. நேரத்தை எந்தக் கடிகாரத்தில் பார்த்தோம் என்று எழுத வேண்டும். ஸ்விட்சின் பதிவேடு உலக நேரத்தில் ஓடினால் நம் 1.34 அங்கே 8.04. நேரமே அமைக்காத ஸ்விட்சுகளையும் பார்த்திருக்கிறேன், அவற்றின் பதிவேடு 1993 மார்ச்சிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கும்.

"போனில் சொன்னால் உறவு கெடாது, மெயில் போட்டால் புகாராகிவிடும்." இதைச் சொன்னவர்கள் என் நலம் விரும்பிகள். நம் கல்லூரிகளில் மெயில் என்றாலே முதல்வருக்கு நகல் போட்டு ஒருவரை மாட்டிவிடும் ஆயுதமாக ஆகிவிட்டது என்பதும் எனக்குத் தெரியும். நான் யாருக்கும் நகல் போடவில்லை. போனில் ஏன் முடியாது என்றால், போன் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் சுமக்கும். எடுப்பவர் நோட்டில் "2வது மாடி லேப், நெட் பிராப்ளம்" என்று எழுதுவார். நேரில் வருபவர் கைக்கு அதுவே வந்து சேரும். 16 சிஸ்டம், 1.34, போர்ட் 37 முதல் 44 என்பதெல்லாம் அந்த வழியில் உதிர்ந்துவிடும். நான் மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் எனக்குத் திரும்பி வந்தது லோடு.

கடைசியாகத் துறைத்தலைவர் சொன்ன தீர்வு: முப்பத்தாறு சிஸ்டத்துக்கும் நிலையான முகவரி போட்டுவிடுவோம், யாரிடமும் கேட்க வேண்டியதே இல்லை. செய்திருந்தால் லேபில் தொந்தரவு நின்றிருக்கும், நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். ரவுட்டர் அங்கேயே இருந்து, அதே ஸ்விட்சில் அடுத்து யார் லேப்டாப்பைச் சொருகினாலும் பிடித்துக்கொண்டிருக்கும். தேர்வுக்கு முன்னால் சிஸ்டங்களைப் புதிதாக ஏற்றும் ஒவ்வொரு முறையும் முப்பத்தாறு முகவரியைக் கையால் போட வேண்டியிருக்கும், ஒன்று இரட்டித்தால் அதற்கு ஒரு புதுத் தேடல்.

ஐ.டி. நண்பர் செய்தது இதைவிட நல்லது. ரவுட்டரைக் கழற்றியதோடு விடவில்லை. அன்று மாலை 4.30க்கு, பிள்ளைகள் போன பிறகு, ஸ்விட்சுக்கே சொல்லிவைத்தார்: முகவரி கொடுக்கும் உரிமை மேல் இணைப்பிலிருந்து வருபவருக்கு மட்டும், வேறு எந்த போர்ட்டிலிருந்து யார் கொடுத்தாலும் தூக்கிப் போடு.

```
interface GigabitEthernet1/0/49
 ip dhcp snooping trust
exit
ip dhcp snooping vlan 14
ip dhcp snooping
```

மேல் இணைப்பை நம்பச் சொல்லும் வரியை அவர் முதலில் அடித்தார். அதை மறந்துவிட்டு மற்ற இரண்டையும் அடித்தால் கல்லூரி சர்வரின் பதிலையே ஸ்விட்ச் தடுத்துவிடும், குத்தகை முடிய முடிய முப்பத்தாறும் நெட் இல்லாமல் நிற்கும். முடித்ததும் நான்கு சிஸ்டங்களை ரீஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். இந்த வசதி நிர்வகிக்கத்தக்க ஸ்விட்சுகளில்தான் உண்டு. கடையில் வாங்கி அப்படியே சொருகும் சிறு ஸ்விட்சுகளில் கிடையாது, அங்கே பெட்டியைத் தேடிக் கழற்றுவது ஒன்றே வழி.

எங்கள் ஐ.டி. பிரிவின் புகார்ப் படிவத்தில் இன்றும் "நெட், பிரின்டர், சிஸ்டம்" என்று மூன்று தேர்வும் ஒரு வரி எழுதும் கட்டமும்தான் இருக்கின்றன. அதில் சிஸ்டம் எண், அந்த நேரத்தில் அது காட்டிய ஐ.பி. முகவரி, அதே நேரத்தில் நன்றாக ஓடிய பக்கத்து சிஸ்டத்தின் முகவரி என்று மூன்று கட்டம் சேர்க்கக் கேட்டிருக்கிறேன். "பிள்ளைகளுக்கு அதெல்லாம் எழுதத் தெரியாது" என்று பதில் வந்தது. என் லேபில் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் முப்பது நொடியில் எழுதுகிறார்கள், ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு வைத்திருக்கிறார்கள். வந்து பார்க்கலாம்.

அறை 216இல் இரண்டு ஆசிரியர்களும் இப்போது ஒரே கேபிளை மாற்றி மாற்றிச் சொருகிக்கொள்கிறார்கள். அதற்கும் ஒரு மெயில் எழுதியிருக்கிறேன்: தெற்குச் சுவர், இப்போதுள்ள பாயின்ட்டுக்கு இடப்பக்கம், SW-2F-Bஇல் போர்ட் 42 பயன்பாட்டில் இல்லை.